பதினெட்டுப் பழையது, பன்னிரண்டு புதியது

எங்கள் ஐந்து பேருக்கும் செப்டெம்பர் மாதச் சம்பளம் ஒரே சீராக வந்தது கிடையாது. பத்தொன்பதாம் திகதி கடமையேற்றவர்கள் நாங்கள். மாதத்தின் முதலாம் திகதியில் நியமனம் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தொல்லையில்லை. ஆனால் நியமனக் கடிதத்தைக் கையில் தந்து படம் எடுப்பதற்கு அமைச்சருக்கு அன்றைக்குத்தான் மன்னார்ப் பக்கம் வர நேரம் கிடைத்தது. அதனால் வருடாந்தச் சம்பள ஏற்றமும் ஒவ்வொரு வருடமும் அதே திகதியில் வந்து விழும். செப்டெம்பரின் முதல் பதினெட்டு நாளுக்குப் பழைய சம்பளம், மிச்சப் பன்னிரண்டு நாளுக்குப் புதிய சம்பளம்.

இதைப் பிரித்துப் போடுகிறவள் நான்தான். பிரதேச செயலகத்தில் சம்பளப் பிரிவு என்னுடையது. பெயர் சாந்தரூபி, எல்லோருக்கும் ரூபி. சம்பள ஏற்றம் என்றால் ஏதோ பெரிய தொகை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் தரத்துக்கு அது மாதம் முந்நூறு ரூபாய். அதில் பன்னிரண்டு நாள் பங்கு நூற்றியிருபது. அந்த நூற்றியிருபதை எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சம்பளம் வங்கிக்கு வந்ததும் ஆளுக்கு நூற்றியிருபது போட்டு, றோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்து, சாப்பாட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருப்போம். முழு ஏற்றம் ஒக்ரோபரில் தொடங்கும்போதுதான் அது வீட்டுக்காசு, செப்டெம்பர்த் துண்டு எங்கள் காசு என்பது கணக்கு. ஆரம்பத்தில் அந்தக் காசில் பற்றிஸும் சேர்ந்து வரும். விலைவாசி ஏறிய பிறகு ஒரு றோல்ஸுக்கே மூச்சு வாங்குகிறது.

ஐந்து பேர் என்றால் நான், மெற்றில்டா, நவநீதன், றிஸ்வானா, சத்தியசீலன். இந்தக் கதை மெற்றில்டாவுடையது. நவநீதனுடையதும்தான், அவனை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மெற்றில்டாவுக்கு ஒரே பிள்ளை, ஷெரின், ஒன்பது வயது. போன வருடம் ஒக்ரோபரில் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் தெற்கே மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். பிறகு தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒருதரம் கிளினிக். மன்னாரிலிருந்து விடிய முதல் பஸ் எடுத்து, யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். ஊசி போட்ட பிள்ளை வரும் வழி முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு வரும். அடுத்த நாள் காலையில் மெற்றில்டா அலுவலகத்தில் விரலடையாள இயந்திரத்தில் விரலை வைத்துவிட்டு மேசையில் வந்து இருப்பாள். கண் இரண்டும் உள்ளே போயிருக்கும். புருசன் கடல் தொழில். தொழிலுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும், அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவள் தலையில்தான்.

போன வருடம் அவள் மகரகமையில் நின்ற நாட்களுக்கு லீவு விண்ணப்பப் போம் எழுதி நவநீதனிடம்தான் கொடுத்தாள். தாபனக் கிளை அவனுடையது. லீவுப் பதிவு, ஆட்களின் கோவைகள், சம்பள ஏற்றப் படிவங்கள் எல்லாம் அவன் கையில். அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றேன். போமை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் பதிவேட்டைத் திறக்கவில்லை.

“இப்ப இதை வெட்டினா வருசம் முடியுமட்டும் என்ன செய்வாய்? இது ஒரு மாசத்தில முடியிற வருத்தமே? போம் என்ரை மேசை லாச்சிக்கை கிடக்கட்டும். ஆரும் கேட்டா அப்ப பாப்பம்” என்றான்.

“பிரச்சினை ஒண்டும் வராதே நவம்?”

“என்ன பிரச்சினை? லீவு எழுதுறவன் நான். உன்ரை லீவு உனக்கு மிஞ்சிக் கிடக்கும். போய்ப் பிள்ளையைப் பார்.”

மெற்றில்டா அந்த இடத்திலேயே அழுதாள். றிஸ்வானா அவள் முதுகைத் தடவிவிட்டாள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அதை அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டோம், அவனும் அன்பாகத்தான் செய்தான். எங்கள் அலுவலகங்களில் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுதான். பேப்பரை நகர்த்தாமல் வைத்திருப்பது.

அப்படி மகரகமையில் நின்ற நாட்கள் எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு. போம்கள் எல்லாம் லாச்சிக்குள் கிடந்தன. வருடம் முடிந்தது. அந்த வருடத்து லீவில் மிஞ்சியதும் அந்த வருடத்தோடு போயிற்று. இந்த வருடத்து லீவைக் கிளினிக் தின்று, செப்டெம்பரில் சில நாள்தான் மிஞ்சிக் கிடந்தது. லாச்சிக்குள் கிடந்ததை எல்லோரும் மறந்துபோனோம்.

இந்தச் செப்டெம்பர் எங்களுக்குப் பத்தாவது சம்பள ஏற்றம். மற்ற ஒன்பதையும் விட இது வேறு. பத்து ஏற்றமும் தடையில்லாமல் உழைத்திருந்தால்தான் மூன்றாம் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்குப் போகலாம். உழைத்திருத்தல் வேண்டும் என்றுதான் சுற்றறிக்கையில் போட்டிருப்பார்கள். சும்மா வருடம் போனதால் வருவதில்லை, உழைத்தால் வரும் என்பது அரசாங்கத்தின் நினைப்பு.

அதற்கு முதல் மாதம், ஓகஸ்டில், இன்னொரு சுற்றறிக்கை வந்தது. தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் இரண்டாம் தரத்துக்கு ஒரே ஒரு வெற்றிடம். செப்டெம்பர் முப்பதாம் திகதிக்குள் பத்து ஏற்றங்களையும் உழைத்தவர்கள் விண்ணப்பிக்கலாம். புதிய ஏற்றம் சேர்ந்த செப்டெம்பர்ச் சம்பள விபரத்தை உறுதிப்படுத்தி இணைத்து ஒக்ரோபர் நடுப்பகுதிக்குள் அனுப்ப வேண்டும். மெற்றில்டா அந்தக் கடதாசியை என் மேசைக்கே கொண்டு வந்தாள்.

“ரூபி, பத்தொன்பதாம் திகதி முப்பதாம் திகதிக்கு முதல்தானே?”

“உனக்கு விசரே. பின்னை பிறகே?”

“இல்லை, வடிவாய்ப் பார். மாசம் முழுக்கப் புதுச் சம்பளம் இருக்கவேணும் எண்டு அர்த்தமோ தெரியாது.”

“ஒரு நாள் புதுச் சம்பளத்தில இருந்தாலும் ஏற்றம் உழைச்சதுதான். உனக்குப் பன்னிரண்டு நாள் கிடக்கு. பயப்பிடாதை.”

அவள் கடதாசியை மடித்துப் பையில் வைத்தாள். “அங்கை கிடைச்சா ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாம், தெரியுமே? கிளினிக் முடிச்சிட்டு அவளைப் படுக்கவைச்சிட்டு மத்தியானம் வேலைக்கு வரலாம். ராத்திரி காய்ச்சல் அடிச்சா ஓட்டோவில கொண்டோடலாம். இஞ்சையிருந்து காய்ச்சலோட கொண்டுபோக ரெண்டரை மூண்டு மணித்தியாலம். பிள்ளை தாங்காது எண்டு டொக்டரே சொல்லுறார்.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு நான் கண்ட வெளிச்சம். ஒரு மனுசி இடமாற்றம் ஒன்றுக்காக இவ்வளவு சந்தோசப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஓகஸ்ட் கடைசியில் எங்கள் ஐந்து பேரின் சம்பள ஏற்றப் படிவங்களும் பிரதேச செயலாளரின் கையொப்பத்தோடு எனக்கு வந்தன. செப்டெம்பர்ச் சம்பளப் பட்டியலில் ஐந்து பேருக்கும் மாதத்தைப் பிரித்துவிட்டேன். பதினெட்டுப் பழையது, பன்னிரண்டு புதியது. மெற்றில்டாவின் பெயருக்கு நேரே அதைப் போடும்போது எனக்கே ஒரு நிம்மதி வந்தது, பொய் சொல்லவில்லை.

பட்டியல் மூடுவதற்கு மூன்று நாள் இருக்கக் கணக்காய்வுக்காரர் வந்தார்கள். விரலடையாள இயந்திரத்தின் பதிவையும் லீவுப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை. இயந்திரத்தில் மெற்றில்டா இல்லாத இருபத்திரண்டு நாள், லீவுப் பதிவேட்டிலும் இல்லை. வேலைக்கும் வரவில்லை, லீவும் எடுக்கவில்லை, சம்பளம் மட்டும் முழுதாகப் போயிருக்கிறது. அன்று மத்தியானமே விளக்கம் கேட்டு ஐயவினா எழுதித் தந்துவிட்டுப் போனார்கள்.

கணக்காளர் குலேந்திரன் சேர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனுசன் இல்லை. பேப்பரில் இருந்தால் பார்ப்பார், இல்லாவிட்டால் அவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

“ரூபி, மெற்றில்டாவின்ரை ஏற்றத்தை நிப்பாட்டும். இந்த மாசம் முழுக்கப் பழைய சம்பளத்தில போடும்.”

“ஏன் சேர்?”

“லீவு போடாத நாள் சம்பளமற்ற லீவாய்ப் போகும். எத்தினை நாள் சம்பளமற்ற லீவோ, அத்தினை நாள் ஏற்றமும் பின்னுக்குப் போகும். இருபத்திரண்டு நாள் தள்ளினா ஒக்ரோபர் பதினொண்டு. அந்த மாசம் பிரிச்சுப் போடும். அந்த நாளுகளுக்கு எடுத்த சம்பளத்தையும் மாசம் மாசம் பிடிக்கவேணும்.”

ஒக்ரோபர் பதினொன்று. செப்டெம்பர் முப்பதைத் தாண்டிப் பதினொரு நாள்.

“சேர், அவ லீவுப் போம் நேரத்துக்கே தந்தவ. நவநீதன்தான் பதியாமல் லாச்சிக்கை வைச்சவர். நான் கண்ணால பாத்தனான்.”

சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அப்பிடியெண்டா கதை வேறை. நேரத்துக்குத் தந்த போம் எண்டா அந்த வருச லீவிலையே கழிக்கலாம். அவவுக்குப் போன வருசம் லீவு கிடந்தது. ஏற்றமும் அசையாது. பதியாமல் விட்டதுக்கு நவநீதன்தான் விளக்கம் தரவேணும். நாளைக்குக் காலமை ரெண்டு பேரையும் வைச்சுக் கேப்பம். போமையும் கொண்டு வரட்டும்.”

நான் வெளியில் வந்து மெற்றில்டாவைப் பிடித்தேன். விசயத்தைச் சொன்னேன். “காலமை உள்ளதைச் சொல்லு. வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை” என்றேன். அவள் தலையாட்டினாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

அன்று பின்னேரம் நவநீதன் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். பிள்ளைக்கு அப்பிள் வாங்கிக்கொண்டு போனானாம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

காலையில் கணக்காளர் அறையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். நவநீதன் சேர்ட் கையை மடித்துவிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நவநீதன், இவ போம் தந்தவவோ?” என்று சேர் கேட்டார்.

“எனக்கு வரேல்லை சேர்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. “ஏன் நவம், பொய்க்கு ஒரு அளவில்லையே? நான் பக்கத்தில நிக்கேக்கைதானே வாங்கினீர்” என்றேன்.

“ரூபி, நீர் கொஞ்சம் பேசாமல் இரும்” என்றார் சேர். “மெற்றில்டா, நீர் சொல்லும். போம் குடுத்தனீரோ, இல்லையோ?”

மெற்றில்டா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை.

“இல்லை சேர். பிள்ளையின்ரை அந்தரத்தில மறந்துபோனன்.”

“ரூபி தான் கண்டது எண்டு சொல்லுறா.”

“அவ என்னிலை உள்ள இரக்கத்தில சொல்லுறா சேர்.”

அதற்குப் பிறகு அந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சேர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய்ச்சாட்சி சொல்ல வந்தவளைப் பார்க்கிற பார்வை. அவர்கள் இருவரும் கையொப்பம் வைத்தார்கள். நான் என் மேசைக்கு வந்து கணினியைத் திறந்து, மெற்றில்டாவுக்குப் போட்டிருந்த பிரிவை எடுத்துவிட்டு முப்பது நாளுக்கும் பழைய சம்பளத்தைப் போட்டேன். ஒரு நிமிசத்து வேலை. பத்து வருடத்தில் நான் செய்த வேலைகளில் இதைப்போல் அருவருத்த வேலை இல்லை.

மத்தியானம் அவளை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“உனக்கு என்ன பைத்தியமோ? உன்ரை பிள்ளைக்கான இடமடி அது.”

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே மருந்துச் சிட்டைகளுக்கு நடுவில் லீவுப் போம்கள் எல்லாம் இருந்தன. ஒன்றும் குறையவில்லை. நேற்றுப் பின்னேரம் அவன் கையில் கொண்டுவந்து கொடுத்தானாம். போம்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

“அவன் காலில விழாத குறை ரூபி. லாச்சிக்கை வைச்சது வெளியில வந்தா ஒழுக்காற்று விசாரணையாம். ஏற்றமும் நிக்குமாம், தரமும் போகுமாம். எனக்கு நல்லது செய்யப்போய்த்தானே அவனுக்கு இந்த நிலை எண்டு அழுகிறான். என்னெண்டு காட்டிக்குடுக்கிறது?”

“அவனுக்குப் போனா உனக்கென்ன?”

“அப்பிடிச் சொல்லாதை. மகரகமையில நான் நிக்கேக்கை எனக்காக வேலை பாத்தது அவன்தானே. மேன்முறையீடு ஒண்டு தானே எழுதித் தாறன் எண்டவன். பிள்ளையின்ரை வருத்தத்தைக் காட்டி எழுதினா லீவை மாத்திப்போடுவினமாம். ஏற்றம் பழைய திகதிக்கே வருமாம்.”

“எப்ப வரும்? விண்ணப்பம் மூட முதல் வருமே?”

அவளுக்கும் தெரியும், மேன்முறையீடு ஒன்று மாவட்டக் கச்சேரி வாசலைத் தாண்டவே இரண்டு மாதம் ஆகும் என்று. அவன் அழுத அழுகையில் அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நல்ல மனுசியாக இருப்பதற்கு ஒரு எல்லை வேண்டும் என்று நான் அன்றைக்கு அவளைத் திட்டினேன். திட்டியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்தப் போம்களைத் தா, நான் சேரிடம் கொண்டுபோகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

இருபத்தைந்தாம் திகதி சம்பளம் வந்தது. றிஸ்வானாதான் வழக்கம்போல் காசு சேர்த்துக்கொண்டு வந்தாள். கணக்காளர் அறையில் நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. மெற்றில்டாவிடம் கேட்க வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அதற்குள் மெற்றில்டா நூற்றியிருபது ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டாள்.

“உனக்கு இந்த முறை ஏறேல்லை எண்டாங்கள்” என்று சத்தியசீலன் கேட்டான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“ஏறாட்டித் தேத்தண்ணி குடிக்கக்கூடாதோ?” என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

சாப்பாட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். நவநீதன் றோல்ஸ் தட்டை முதலில் அவள் பக்கம் நீட்டினான். அவளும் எடுத்தாள். நான் என் பங்கை எடுக்கவில்லை.

“என்ன ரூபி, நேத்திக்கடனோ?” என்றான் அவன்.

“எண்ணெய்ச் சாமான் எனக்கு ஒத்துக்கொள்ளுதில்லை” என்றேன்.

“வயசு போகுது உமக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். மெற்றில்டாவும் சிரித்தாள். இரண்டாம் தரம் வந்தால் யார் யார் எங்கே போவது என்று கதை போயிற்று. சத்தியசீலன் தான் எங்கும் போகமாட்டேன் என்றான். நவநீதன் அந்தப் பேச்சில் சேரவில்லை, தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் இருந்தது வெட்கத்தில் என்று நினைத்தேன். மனிதர்களைப் பற்றி நல்லதாய் நினைக்கும் கெட்ட பழக்கம் எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

ஒக்ரோபர் முதல் கிழமையில் அவன் என் மேசைக்கு வந்தான். கையில் ஒரு விண்ணப்பம்.

“ரூபி, என்ரை செப்டெம்பர்ச் சம்பள விபரம் ஒண்டு வேணும். அந்தப் பதினெட்டு பன்னிரண்டு பிரிச்சது வடிவாய்த் தெரியவேணும். சேரின்ரை கையொப்பத்தோட.”

“எதுக்கு?”

“அந்தத் தெல்லிப்பழை வெற்றிடம்” என்றான், ஏதோ கடைக்குப் போவதைச் சொல்வதுபோல.

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

“ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? மனிசி தாய்வீட்டோட சுன்னாகத்தில இருக்கிறா, தெல்லிப்பழைக்குக் கிட்ட. நான் எத்தினை வருசமாய்க் கிழமைக்கொருக்கா ஓடுறன். மெற்றில்டா விண்ணப்பிக்கேலாதுதானே. ஆரோ ஒராள் போகத்தானே போகினம். அவவுக்குக் கிடைக்கிறதை நான் பறிக்கேல்லை.”

“அந்தப் போமுகளை அவ காட்டியிருந்தா அவவுக்குக் கிடைச்சிருக்கும். உமக்கு இது கிடைச்சிராது.”

“அவதானே காட்டேல்லை” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் களவும் இல்லை, வெட்கமும் இல்லை. மெய்யாகவே அதில் ஒரு பிழையும் தெரியவில்லை அவனுக்கு. கள்ளன் என்றால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். இவனை என்ன செய்வது.

“மேன்முறையீடு எழுதித் தாறன் எண்டனீரே?”

“எழுதவேணும். நேரம் கிடைக்கேல்லை.”

சம்பள விபரத்தைக் கொடுக்காமல் இழுத்தடிக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. இரண்டு நாள் இழுத்தும் பார்த்தேன். மூன்றாம் நாள் குலேந்திரன் சேர் என்னிடம் கேட்டார், “நவநீதனின்ரை விபரம் ஏன் இன்னும் வரேல்லை? விண்ணப்பம் மூடப்போகுது. உமக்கும் அவருக்கும் ஏதும் கோபமெண்டா வீட்டை வைச்சுக்கொள்ளும்.” அவருக்கு நான் ஏற்கெனவே பொய்க்காரி. அச்செடுத்துக் கொடுத்தேன். பதினெட்டு நாள் பழையது, பன்னிரண்டு நாள் புதியது. சொல்லப்போனால் எங்கள் பிரிவில் இவ்வளவு சுத்தமான பேப்பர் ஒன்று அந்த மாதம் வெளியில் போகவில்லை.

ஒக்ரோபர்ச் சம்பளத்தில் மெற்றில்டா ஒருத்திக்கு மட்டும் மாதத்தைப் பிரித்தேன். பத்து நாள் பழையது, பதினோராம் திகதியிலிருந்து புதியது. அதில் வந்த துண்டு இருநூறு ரூபாய்ச் சொச்சம். சம்பளமற்ற லீவுக்கான பிடிப்பனவின் முதல் தவணை அதைப்போலப் பல மடங்கு. விபரத் தாளைக் கொடுத்தபோது அவள் கீழ்த் தொகையை மட்டும் பார்த்தாள்.

“இந்தக் கிழமை பஸ்ஸுக்குக் காணாது” என்றாள்.

மாதக் கடைசியில் நவநீதனுக்கு இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பிரதேச செயலாளர் அவனைக் கடமையுணர்வு மிக்கவர் என்றார். எல்லோரும் கலைந்து போகிற நேரம் அவன் மெற்றில்டாவிடம் வந்தான். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன், வேண்டுமென்றே நகரவில்லை.

“ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தான் ஒரு வீடு பாத்திருக்கிறன். நடந்து போற தூரம். பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு வாற நாளில வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போ. மனிசிக்கும் சொல்லியிருக்கிறன்” என்றான்.

“ஓம் நவம். கட்டாயம் வாறன்” என்றாள் மெற்றில்டா. தேன் ஒழுகுகிற குரல். போன் நம்பர் மாறாதுதானே என்றும் கேட்டாள். அவன் மனைவியின் நம்பரையும் வாங்கித் தன் போனில் பதிந்துகொண்டாள்.

அவன் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. “உனக்கு ரோசமெண்டு ஒண்டு இல்லையே மெற்றில்டா? அவன்ரை வீட்டுச் சோத்தைத் தின்னப்போறியோ?”

அவள் கேக் துண்டை ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள், ஷெரினுக்கு. சுற்றி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு துளி தண்ணீர் இல்லை.

“ராத்திரியில பிள்ளைக்கு ஏதும் எண்டு கொண்டோடினா, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட எனக்கு ஆரைத் தெரியும் ரூபி? இனி அவன் ஒருத்தனைத்தானே தெரியும்.”